முட்டி உயரத்தில் ஒரு போன்

மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுவர்களை நாற்காலியோடு தூக்கிக் கீழே போட்டிருப்பேன். என் நாத்தனார் நூற்றுப்பத்து கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். மூன்று வாய்ப்பிலும் எழுந்தாள். மூன்றும் செல்லாது என்றார்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்குவாட் மூன்றும் போய்விட்டால் அதோடு கதை முடிந்தது. படுத்துத் தூக்கும் பெஞ்ச், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் என்று மிச்சமுள்ள இரண்டிலும் எவ்வளவு தூக்கினாலும் கணக்கில் வராது. காலையில் கட்டிய பெல்ட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் போட்டி நடந்தது. திரும்பி வரும்போது வேன் முழுக்க ஒரே வசவு. எங்கள் ஜிம் மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பி, தன் போனில் எடுத்திருந்த வீடியோவை ஆளாளுக்குக் காட்டினார். அதில் அவள் இடுப்பு முட்டிக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. விதி அதுதான்: தொடை இடுப்போடு சேரும் மடிப்பு, முட்டியின் மேல்பக்கத்தைவிடக் கீழே போக வேண்டும். வீடியோவில் போயிருக்கிறது. நடுவர்களுக்குக் கண்ணில்லை, நார்த் மெட்ராஸ் பிள்ளைகள் என்றால் இளக்காரம், வேறு எந்தக் காரணமும் இல்லை என்று மாஸ்டர் முடிவு சொன்னார். நானும் சேர்ந்து திட்டினேன். நாத்தனார் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அவள் என் கணவரின் கடைசித் தங்கை. எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை, கணினியில் பெட்டி எண்களைப் பதிவது. எப்போது வேண்டுமானாலும் நாளை முதல் வராதே என்று சொல்லிவிடக்கூடிய வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு முதல் படி மாநில ஜூனியர் அணி. பெரம்பூரில் நடந்தது வெள்ளோட்டம்தான், அணித் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆனால் ஜூனியர் வயது அந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது. இதை விட்டால் பெரியவர்கள் பிரிவு, அங்கே தூக்குகிறவர்களின் எடைக்குப் பக்கத்தில் போகவே அவளுக்குப் பல வருடம் ஆகும்.

நான் அதே ஜிம்முக்கு இடுப்பு வலிக்காகப் போனவள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி. போட்டி ஆசை எனக்குக் கிடையாது. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாக எடை தூக்குகிறோம் என்று தெருவில் கொஞ்சநாள் கிண்டல் ஓடியது, பிறகு அவர்களுக்கே அலுத்துப்போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆதாரமாக வைக்க எல்லா வீடியோவையும் திரட்டினேன். என் கணவரும் ஒன்று எடுத்திருந்தார். தங்கை தூக்குவதை அம்மாவுக்குக் காட்ட எடுத்தது. மேடைக்குப் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்திருக்கிறார். அதைப் போட்டேன். இரண்டாவது முறை போட்டேன். அடியில் நிறுத்திப் பார்த்தேன்.

அவள் இடுப்பு முட்டிக்கு மேலே இருந்தது. இரண்டு விரற்கடை மேலே. மூன்று முறையும்.

ஒரே பெண், ஒரே எடை, ஒரே நொடி. மாஸ்டர் போனில் கீழே, என் வீட்டுக்காரர் போனில் மேலே. எந்தப் போன் பொய் சொல்கிறது என்று தெரியாமல் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

சமையலறையிலிருந்து என் முட்டியைவிடச் சற்றே உயரமான ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டு உட்கார்ந்தேன். தொடையின் மேல், இடுப்போரமாக, ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது உருண்டு முட்டிப் பக்கமாக ஓடி விழுந்தது. அப்படியென்றால் இடுப்பு உயரம், முட்டி தாழ்வு. ஸ்குவாட் என்றால் இது செல்லாது. அசையாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக்காரரிடம் என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். எனக்கு எதிரே சற்றுக் கோணலாகத் தரையில் போனைச் சாய்த்து ஒன்று, அதே இடத்தில் நின்றபடி ஒன்று, என் முட்டி உயரத்துக்குப் பெட்டி வைத்து அதன்மேல் ஒன்று. அவர் தலையில் அடித்துக்கொண்டே எடுத்தார்.

தரையிலிருந்து எடுத்ததில் என் இடுப்பு முட்டிக்குக் கீழே அழகாக இறங்கியிருந்தது. நின்றுகொண்டு எடுத்ததிலோ, உண்மையில் இருந்ததைவிட இன்னும் உயரமாகத் தெரிந்தது. பெட்டிமேல் வைத்தது மட்டும் எலுமிச்சம்பழம் சொன்னதையே சொன்னது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. தரையில் படுத்துக்கொண்டு மேசையைப் பார்த்தால் அதன் முன்விளிம்பு மேலேயும் பின்விளிம்பு கீழேயும் தெரியும். முன்னாலிருந்து எடுக்கும்போது முட்டி போனுக்குக் கிட்டே இருக்கிறது, இடுப்பு தள்ளி இருக்கிறது. போன் தரையில் கிடந்தால் கிட்டே இருக்கும் முட்டி படத்தில் ஏறும், இடுப்பு இறங்கும். மேலேயிருந்து பார்த்தால் தலைகீழ். போனை முட்டி உயரத்துக்கே கொண்டுவந்துவிட்டால் இந்த ஏமாற்று நடக்காது. நேர் பக்கவாட்டில் அந்த உயரத்தில் வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. போட்டியில் பக்கவாட்டு நடுவர்கள் இருவரும் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள்தான் வேன் முழுக்க அவர்களைக் குருடர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தோம்.

எங்கள் ஜிம்மில் போன் எப்போதும் தரையில்தான் இருக்கும். எடை மாட்டிய பாரைத் தாங்கும் ரேக்குக்கு எதிரே, ஒரு சின்ன இரும்பு பிளேட்டில் சாய்த்து. அதற்கொரு காரணம் உண்டு. அந்த ரேக்கில், தவறி விழும் எடையைத் தாங்கும் குறுக்குக் கம்பி கிடையாது. பெரிய எடை என்றால் பாரின் இரண்டு முனையிலும் ஆள் நிற்க வேண்டும், கைகொடுக்க. யார் நிற்பது என்பதில் அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. பழைய ஆட்கள்தான் நிற்பார்கள். ஒருவருக்கு யார் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்தே அவருக்கு ஜிம்மில் என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். அவர்கள் நிற்கும்போது பக்கவாட்டில் அவர்கள் தொடையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மிச்சமிருப்பது எதிர்ப்பக்கம். அங்கே நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் மாஸ்டர் கத்துவார். ஆகவே தரை. முட்டி உள்ளே சாய்கிறதா, பாதம் புரள்கிறதா என்று பார்க்க அந்தக் கோணம் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆழம் பார்க்க அதைப்போல மோசமான இடம் கிடையாது. வருடக்கணக்காக அந்த ஜிம்மில் எல்லோருடைய ஸ்குவாட்டும் படத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று படங்களையும் மாஸ்டரிடம் காட்டினேன். பணிவாகத்தான் காட்டினேன், அதில் குறை சொல்ல முடியாது. அவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தான் தூக்க ஆரம்பித்தபோது யாரும் படம் எடுக்கவில்லை, கண்ணால் பார்த்தே சொன்னார்கள், தான் சொல்லி வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு போனார். கடைசியில் சொன்னார்.

"இன்னாமா நீ, இடுப்பு வலிக்கு வந்துகினு எனக்கே பாடம் எடுக்கறியா? ஸ்டூல் வெச்சி படம் புடிக்கணும்னா வூட்டுல புடி. இங்க பசங்க நிக்கற எடத்துல நிப்பாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பாகச் சொல்கிறேன் என்று ஒருவராவது வாதாடியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பார்க்கவே மாட்டேன் என்பவரிடம் என்ன பேசுவது?

அதைவிட வலித்தது நாத்தனார் மாஸ்டர் பக்கம் நின்றது. வீட்டில் அவள் என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரே நல்லா இறங்கினாய் என்று சொல்லும்போது வீட்டு ஆள்தான் இறங்கவில்லை என்கிறது என்று மாமியாரிடம் குறைப்பட்டாள். மாமியார் இரண்டு பேருக்கும் மீன்குழம்பு ஊற்றிவிட்டு எதிலும் தலையிடவில்லை.

நான் விடவில்லை. ஸ்குவாட்டைத் தொட முடியாவிட்டால் டெட்லிஃப்ட் இருக்கிறது. தரையிலிருந்து தூக்குவதற்கு முனையில் யாரும் நிற்க வேண்டியதில்லை, எந்தப் பெரிய மனிதரின் தொடையும் குறுக்கே வராது. என்னுடையதைப் படமெடுத்துக் கொடு என்று அவளைக் கெஞ்சி, பதிலுக்கு அவளுடையதை எடுத்தேன். இடுப்பு உயரத்தில் ஸ்டூல், நாலைந்து எட்டு தள்ளி, தலையிலிருந்து பாதம் வரை படத்துக்குள் அடங்கும்படி. நேர் பக்கவாட்டில் வைத்தால் பிளேட் காலை மறைத்துவிடும், பார் காலோடு ஒட்டி வருகிறதா என்று தெரியாது. அதனால் அடுத்த செட்டுக்கு ஸ்டூலைக் கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளினேன். சும்மா உடம்பைச் சூடாக்கும் எடையைப் படமெடுத்துப் பயனில்லை, கனமான செட்டின் கடைசித் தூக்கலில்தான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

அவளே பார்த்தாள். பார் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே அவள் பின்பக்கம் விறுக்கென்று மேலே போகிறது. பார் காலை விட்டு விலகி முன்னால் ஊசலாடுகிறது. கீழ் முதுகு வளைகிறது. ஒரு வருடமாகச் சனிக்கிழமை தூக்கினால் திங்கட்கிழமை வரை முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள். அது ஏன் என்று ஜிம்மில் யாரும் சொன்னதில்லை. அவள் வீடியோவை விரலால் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் பாரைப் பாதத்துக்கு நடுவில் வைத்து, காலோடு ஒட்ட உரசிக்கொண்டு தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே தோல் சிராய்த்து ரத்தம் கட்டியது. முதுகு வலிக்கவில்லை.

பிறகு ஒருநாள், யார்டிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே, "அண்ணி, ஸ்குவாட்டையும் அப்டி எடு" என்றாள்.

மாஸ்டரிடம் கேட்டோம். முனையில் நிற்பவர் அரை எட்டுப் பின்னால் நின்றால் போதும், ஸ்டூலை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்கிறோம் என்றோம். அரை எட்டு. அதற்கு அந்தப் பழைய ஆள், என்னை நகரச் சொல்ல நீ யார் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. கேமரா வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டார். கேமரா என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து அவளுக்கு முனையில் யாரும் நிற்கவில்லை. பின்னாலிருந்து அணைத்துத் தூக்க நான் மட்டும் நின்றேன். நான் தாங்கும் அளவுக்குத்தான் எடை போட முடியும். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இடுப்பை உண்மையாக இறக்கியபோது நூற்றுப்பத்து எங்கோ பறந்துபோனது. தொண்ணூற்றைந்து கிலோவில்தான் ஒழுங்காக உட்கார்ந்து எழ முடிந்தது. அன்று அவள் பாரை வைத்துவிட்டு, உட்கார்ந்து அழுதாள். துக்கமில்லை, ஆத்திரம். பதினைந்து கிலோவை யாரோ திருடியிருக்கிறார்கள், அதுவும் தட்டிக்கொடுத்துக்கொண்டே.

அணித் தேர்வு நாளில் அவளுக்குப் பயிற்சியாளராக மாஸ்டர்தான் வந்தார். ஜிம்மின் பெயரில் பதிவு செய்திருந்ததால் வேறு வழியில்லை. முதல் வாய்ப்புக்குத் தொண்ணூறு என்று அவளே எடை பார்க்கும்போது சொல்லியிருந்தாள். அது செல்லும்படி வந்துவிட்டால் பிறகு பெஞ்ச் இருக்கிறது, புதிதாகத் திருத்திய டெட்லிஃப்ட் இருக்கிறது, கணக்குப் போட்டால் அணியில் கடைசி இடம் கைக்கெட்டும் தூரம். நான் பக்கவாட்டில் இடம் பிடித்து, ஒரு நாற்காலிமேல் பையை வைத்து அதன்மேல் போனை வைத்தேன்.

ஒலிபெருக்கியில் அவள் பெயருக்குப் பின் நூற்றுப்பத்து என்று வந்தது.

தவறாக வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மாஸ்டரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுற்று தொடங்கும் முன் முதல் எடையை ஒருமுறை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. அவர் அதிகாரிகள் மேசைக்குப் போய் மாற்றிவிட்டு வந்திருக்கிறார், அவளைக் கேட்காமல். எங்கள் பெண் தொண்ணூறில் ஆரம்பித்தால் மற்ற ஜிம்காரர்கள் கேலி செய்வார்களாம். நூற்றுப்பத்து தூக்கியவள்தானே, வீடியோ இருக்கிறதே என்றார் என்னிடம். அவர் மனதார நம்பியிருக்கிறார். அந்தத் தரையில் சாய்த்த போனை நம்பியிருக்கிறார். சுற்று தொடங்கிய பின் சொன்ன எடையைக் குறைக்க விதியில் இடமில்லை. மூன்று வாய்ப்பும் இனி நூற்றுப்பத்து, அல்லது அதற்கு மேல்.

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. வழுக்காமலிருக்க சாக் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு ஏறினாள்.

முதல் வாய்ப்பில் உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. முட்டிக்கு மேலேயே நின்று எழுந்தாள். சிவப்பு. இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். இன்னும் இவ்வளவு இறங்க வேண்டும் என்று நான் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

இரண்டாவதில் இறங்கினாள். அடிவரை இறங்கினாள். பாதி தூரம் எழுந்து, முகம் கறுத்து, அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஆட்கள் பாரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதிலும் அதேபோல இறங்கினாள், இந்த முறை பாதிகூட வரவில்லை. அதோடு ஜூனியர் முடிந்தது.

வேன் ராயபுரம் தாண்டும்போது எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் சத்தமிட்டது. மாஸ்டர் ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வாய்ப்பின் வீடியோவைப் போட்டிருந்தார். மேடைக்கு எதிரே, கீழே, தரையோடு தரையாக யாரையோ எடுக்கவைத்தது. அதில் இடுப்பு முட்டிக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. மறுபடி அநியாயம் என்று எழுதியிருந்தார். கைதட்டலும் கண்ணீரும் வரிசையாக வந்து விழுந்தன. பின் சீட்டில் பையன்கள் நடுவர்களின் அம்மா அப்பாவை இழுக்க ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்தேன். அன்று அவரை என்ன சொல்லியிருப்பேனோ, வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். என் போனை வாங்கிக்கொண்டு, ஓடுகிற வேனில் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். மாஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத பாருங்க மாஸ்டர். நீங்க போட்டுக்கீறது நான் ஒக்காராதது. அத எடுத்துடுங்க."

அவர் என்னவோ சொல்ல வந்தார். அவள் அடுத்த வீடியோவுக்குத் தள்ளினாள், இரண்டாவது வாய்ப்பு.

"இதுல வுழுந்தேன். ஆனா எறங்கினேன். போடணும்னா இத போடுங்க."

அவர் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாகப் பார்த்தார், முழுதாக, பாரை ஆட்கள் பிடிக்கிறவரை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போடவில்லை. திருவொற்றியூர் வருவதற்குள் அவளே அதைக் குழுவில் போட்டாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். அதற்கு யாரும் கைதட்டவில்லை.